பழைய வயலினுக்கு என்ன விலை?

தமிழ்நாட்டில் பழைய வயலின் ஒன்று விற்பனைக்கு வரும்போது அதனுடன் பெரும்பாலும் இரண்டு கூற்றுகளும் சேர்ந்து வருகின்றன. அது ஜெர்மனியில் செய்யப்பட்டது என்பது ஒன்று; அதன் வயிற்றுக்குள் புகழ்பெற்ற ஓர் இத்தாலியப் பெயர் அச்சிட்ட சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறது என்பது மற்றொன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுஸ்வாமி தீட்சிதர் முதலானோரால் கர்நாடக இசைக்குள் வந்த இந்தக் கருவி, அடுத்த நூறாண்டுகளில் எண்ணற்ற வீடுகளுக்குள் நுழைந்துவிட்டமையால், வாசிப்பவர் மறைந்த பின் பெட்டியோடு பரணில் ஏறிய வயலின்கள் இன்றும் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருக்கின்றன. விற்பவர் அந்தச் சீட்டை நம்பி விலை சொல்கிறார். பொழுதுபோக்காக இசை பயிலும் ஒருவரோ அந்த விலையை ஏற்பதா, மறுப்பதா, பாதியாகக் குறைத்துக் கேட்பதா என்று அறியாமல் தடுமாறுகிறார்.

இத்தகைய வாங்குநருக்குரிய விலை, அரும்பொருள் சேகரிப்பவருக்குரிய விலையிலிருந்து அடிப்படையிலேயே வேறானது. சேகரிப்பவர் செய்தவரின் பெயருக்கும் காலத்துக்கும் பணம் கொடுக்கிறார். கருவி வாசிக்கும் நிலையில் இல்லாவிட்டாலும் அவருக்கு அது மதிப்புடையதே. பயில்பவரோ வாசிப்பதற்கு வாங்குகிறார். ஆகவே, அதே தரத்தில் வாசிக்கத் தயாராக இருக்கும் வேறொரு வயலின் கடையில் என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதே அவருடைய கணக்கின் தொடக்கம். கையில் இருக்கும் கருவியை அந்த நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவு அதிலிருந்து கழிக்கப்பட வேண்டியது. எஞ்சுவதே கொடுக்கத் தகுந்த தொகை. கணக்கு எளியது. முதல் எண்ணைத் தீர்மானிக்கக் கருவியின் தரத்தையும், இரண்டாவது எண்ணைத் தீர்மானிக்க அதன் தேய்மானத்தையும் சரியாகப் படிக்கத் தெரிய வேண்டும் என்பதில்தான் கடினம் இருக்கிறது.

சீட்டு சொல்வதும் மரம் சொல்வதும்

வயலினின் மேல்பலகையில் இருபுறமும் ஆங்கில எழுத்து ‘எஃப்’ வடிவில் வெட்டப்பட்ட துளைகள் உள்ளன. தாழ்ந்த சுருதித் தந்தியின் பக்கத்துத் துளை வழியாகப் பார்த்தால், பின்பலகையின் உட்புறத்தில் ஒட்டிய சீட்டு தெரியும். அதில் ‘அந்தோனியுஸ் ஸ்திராதிவாரியுஸ் கிரெமோனென்சிஸ்’ என்ற லத்தீன் சொற்களும், 1700களில் ஓர் ஆண்டும் இருப்பது மிகவும் வழக்கமான காட்சி. வட இத்தாலியின் கிரெமோனா நகரில் வாழ்ந்து 1737இல் மறைந்த அந்தோனியோ ஸ்திராதிவாரியின் கைவேலைகளில் இன்று எஞ்சியிருப்பவை சில நூறு மட்டுமே. அவை பெரும்பாலும் யாரிடம் உள்ளன என்பது பதிவாகியிருக்கிறது. அவர் பெயர் தாங்கிய சீட்டுகளோ கணக்கற்றவை.

இந்தச் சீட்டுகள் எல்லாம் ஏமாற்றுவதற்காக ஒட்டப்பட்டவை என்று கருதுவதும் பிழை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் உள்ள மார்க்நாய்கிர்ஷென், எல்லைக்கு அப்பால் இன்று செக் நாட்டில் லூபி என்று வழங்கும் ஷோன்பாக் ஆகிய ஊர்களில் வயலின் செய்தல் குடிசைத் தொழிலாகப் பெருகியிருந்தது. ஒரு வீட்டில் சுருள் தலையும் கழுத்தும், மற்றொரு வீட்டில் பலகைகளும், வேறொரு வீட்டில் குதிரையும் பிருடைகளும் செய்யப்பட்டன. வணிகர்கள் அவற்றைத் திரட்டி, பொருத்துவித்து, மெருகிட்டு, உலகெங்கும் ஏற்றுமதி செய்தனர். அங்கே பெயர்ச் சீட்டு என்பது, இந்த வயலின் இன்ன ஆசானின் வடிவ மாதிரியைப் பின்பற்றியது என்று காட்டும் அடையாளமாகவே பயன்பட்டது. டைரோல் பகுதியைச் சேர்ந்த யாக்கோப் ஸ்டைனரின் பெயர், பின்பலகையின் மேல்நுனிக்குக் கீழே சூட்டுமுத்திரையாகப் பொறிக்கப்பட்டிருப்பதும் அவ்வகையைச் சேர்ந்ததே.

அந்தச் சீட்டிலேயே அதன் உண்மையான காலத்துக்கான தடயம் கிடைப்பதுண்டு. இறக்குமதிப் பொருளில் செய்த நாட்டின் பெயரைக் குறிக்க வேண்டும் என்று பிரிட்டன் 1887இலும் அமெரிக்கா 1890இலும் சட்டம் செய்தன. எனவே லத்தீன் வாசகத்துக்குக் கீழே ‘ஜெர்மனியில் செய்யப்பட்டது’ என்ற ஆங்கிலச் சொற்கள் இருந்தால், சீட்டில் 1721 என்று அச்சாகியிருந்தாலும், அக்கருவி பெரும்பாலும் அந்தச் சட்டங்களின் காலத்திலோ அதற்குப் பின்னரோ செய்யப்பட்டதே. செக்கோஸ்லோவாக்கியா என்று இருந்தால் அந்நாடு தோன்றிய 1918க்கு முற்பட்டதாக இருக்க இயலாது. சீட்டு ஒட்டியது ஒரு காலம், கருவி செய்தது வேறு காலம் என்று அமைவதும் உண்டு. சீட்டைப் பெயர்த்து மாற்றுவது எளிது. ஆகையால் சீட்டு தன் கூற்றைத் தானே நிறுவிக்கொள்ள முடியாது. மரவேலை அதற்குச் சான்று சொல்லும் அளவுக்கு மட்டுமே அதற்கு மதிப்புண்டு.

மரவேலையின் தரத்தை அறிய மூன்று இடங்களைப் பார்த்தால் பெரும்பாலும் போதும். முதலாவது, பலகைகளின் விளிம்பை ஒட்டி ஓடும் கறுப்பு வெள்ளைக் கோடு. நல்ல வேலையில் இது மூன்று மெல்லிய மரப்பட்டைகளை ஒரு நுண்ணிய பள்ளத்தில் பதித்துச் செய்யப்படுவது; விளிம்பில் அடிபட்டால் விரிசல் பலகைக்குள் ஓடாமல் தடுப்பதும் அதன் பணி. மலிவான வேலையில் அது வெறும் மையால் வரைந்த கோடு. உருப்பெருக்கியால் பார்த்தால் பள்ளமும் மரநாரும் இல்லாமல் வழவழப்பாக இருப்பதிலிருந்தே தெரிந்துவிடும். இரண்டாவது, இடை ஒடுங்கும் இடத்தின் நான்கு மூலைகளிலும் உள்ளே பொருத்தப்பட வேண்டிய மூலைக் கட்டைகள். பல் மருத்துவர் பயன்படுத்துவது போன்ற சிறிய கண்ணாடியையும் கைவிளக்கையும் கொண்டு துளை வழியாக இவற்றைக் காணலாம்; விலை குறைந்த சாக்சனி வயலின்கள் பலவற்றில் இவை இருப்பதில்லை. மூன்றாவது, மேல்பலகையின் அடியில் தாழ்ந்த தந்திப் பக்கமாக நீளவாக்கில் ஓடும் பேஸ் பார் என்னும் மரச்சட்டம். நல்ல கருவிகளில் இது தனியே செதுக்கி ஒட்டப்பட்டிருக்கும். மலிவானவற்றில் மேல்பலகையைக் குடையும்போதே அதிலிருந்து ஒரு மேடாக விடப்பட்டிருக்கும்.

இம்மூன்றும் குறைவாக உள்ள ஒரு வயலின் நூறாண்டு பழையதாக இருந்தாலும், அது நூறாண்டு பழைய மலிவான வயலின்தான். வயது தரத்தைக் கூட்டுவதில்லை. ஸ்ப்ரூஸ் மரத்தாலான மேல்பலகை காலப்போக்கில் உலர்ந்து இசைக்கு உகந்ததாக மாறுகிறது என்ற கருத்து வாசிப்பவர்களிடையே வேரூன்றியிருப்பினும், பருமன் மிகுந்து கரடாகக் குடையப்பட்ட பலகையை எந்த வயதும் திருத்திவிடாது.

புதிய தொழிற்சாலைக் கருவிகளில் பெயரின் பொருள் வேறுபடுகிறது. யமஹா போன்ற நிறுவனம் தன் மாதிரி எண்ணோடு விற்கும் மாணவர் வயலினில், பெயர் பொய்யாக ஒட்டப்படாதவரை, உள்ளே என்ன இருக்கும் என்பது முன்கூட்டியே தெரியும். ஒன்றுக்கொன்று வேறுபாடு குறைவு. அத்தகைய பெயருக்குக் கொடுக்கும் கூடுதல் தொகை நாதத்துக்கான விலை அன்று. வாங்குபவரின் ஐயத்தைக் குறைத்ததற்கான விலை. பின்னாளில் அதை விற்க நேரும்போதும் அடுத்தவர் ஐயமின்றி வாங்குவார் என்பதால் அந்தத் தொகையில் ஒரு பகுதி திரும்பி வருகிறது. இறக்குமதியாளரோ கடைக்காரரோ தம் பெயரை அச்சிட்டு ஒட்டிக்கொள்ளும் கருவிகளுக்கு இது பொருந்தாது. ஒரே பட்டறையிலிருந்து வரும் வயலின்கள் பல பெயர்களில் விற்கப்படுவதால், அவற்றை மரவேலையைக் கொண்டே மதிப்பிட வேண்டியிருக்கிறது.

தேய்மானம் எங்கே விழுகிறது

ஒரு கருவி உண்மையிலேயே வாசிக்கப்பட்டதா என்பதை அதன் மெருகு தேய்ந்த இடங்கள் காட்டும். இடது கை கழுத்தில் ஏறி இறங்கும்போது உள்ளங்கை உராயும் தோள்பகுதி, மோவாய் படியும் இடம், பிடித்து எடுக்கும் விளிம்புகள் ஆகியவற்றில் மெருகு மெல்ல மெல்லக் கரைந்து, அதன் எல்லை மங்கலாக முடிந்திருக்கும். கர்நாடக இசையில் தரையில் அமர்ந்து, சுருள் தலையை வலது கணுக்காலின் மேல் ஊன்றி வாசிப்பதால், சுருளின் முனைகள் மழுங்கி மெருகிழந்து காணப்படுவது இங்குள்ள கருவிகளின் தனி அடையாளம். பழமைத் தோற்றம் தரவென்று பட்டறையிலேயே தேய்க்கப்பட்ட வயலின்களில் தேய்மானம் கை படாத இடங்களிலும் இருக்கும். பின்பலகையின் நடுவில் சமச்சீரான வட்டமாக வெளிறியிருந்தால் அது தூரிகையின் வேலை என்று கொள்ளலாம். மெருகின் தேய்மானம் விலையைக் குறைப்பதில்லை. மாறாக, பழைய மெருகை நீக்கிவிட்டுக் கடையில் கிடைக்கும் பளபளப்புப் பூச்சை அடித்திருந்தால் அதற்காக விலையைத் தாராளமாகக் குறைக்கலாம்.

விரல்பலகையின் தேய்மானம் செலவோடு தொடர்புடையது. கழுத்தின் மேல் தந்திகளுக்கு அடியில் இருக்கும் கறுப்பு மரப்பலகைதான் விரல்பலகை. கமகங்களுக்காக விரலால் தந்தியை அழுத்தியவாறே முன்னும் பின்னும் இழுப்பதால், அதிகம் புழங்கும் இடங்களில் உலோகத் தந்தி நீளவாக்கில் பள்ளம் பறிக்கிறது. பள்ளம் ஆழ்ந்தால் ஸ்வரம் தெளிவிழந்து கரகரக்கிறது. பலகை கருங்காலியாக இருந்து போதிய கனமும் இருக்குமானால் பட்டறையில் இழைத்துச் சமன்செய்துவிடலாம். வெளிர்மரத்துக்குக் கறுப்புச் சாயம் பூசியதாக இருந்தால், பள்ளத்துக்குள் மரத்தின் உண்மை நிறம் எட்டிப்பார்க்கும். அப்போது பலகையையே மாற்ற நேரிடும். பலமுறை இழைக்கப்பட்டு ஓரத்தில் மெலிந்துபோன பலகையும் மாற்றத்துக்குரியதே.

பிருடைகள் வழுக்குவதும், குதிரை வளைவதும், தந்திகள் துருப்பிடிப்பதும் காலத்தோடு வரும் செலவுகள்; இவற்றுக்காக எந்தக் கருவியையும் மறுக்க வேண்டியதில்லை. பலகைக்கும் பக்கப்பட்டைக்கும் இடையிலான ஒட்டு விட்டுப்போவதும் அப்படியே. வயலினில் பயன்படுவது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசை. மரம் ஈரத்தால் விரிந்தும் வறட்சியால் சுருங்கியும் இழுபடும்போது பலகை வெடிப்பதற்கு முன்னர் ஒட்டு விட்டுக்கொடுக்கட்டும் என்பதற்காகவே அந்தப் பசை இன்றுவரை கைவிடப்படாமல் இருக்கிறது. விளிம்பைச் சுற்றிலும் விரல் மொட்டியால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தால், ஒட்டு விட்ட இடத்தில் ஓசை மாறிச் சலசலக்கும். புழுக்கமான கடற்கரைக் காற்றில் இப்படி நேர்வது இயல்பு. மீண்டும் ஒட்டுவது சிறிய வேலை. ஆனால் யாரோ ஒருவர் அந்த இடத்தைத் தச்சு வேலைக்கான வெள்ளைப் பசையால் ஒட்டியிருந்தால் நிலைமை தலைகீழாகிறது. அந்தப் பசை விட்டுக்கொடுக்காது. அடுத்த இழுவையில் பலகை வெடிக்கும். பழுதுபார்க்கத் திறக்க முயன்றால் மரமும் பெயர்ந்து வரும். விளிம்பில் வழிந்து உலர்ந்த பசையின் கோடு தெரிந்தால், வேறெதையும் பார்ப்பதற்கு முன்பே விலையைக் குறைத்துக் கேட்க அது போதிய காரணம்.

விலையைச் சாய்க்கும் காயங்கள்

விரிசல்கள் எல்லாம் ஒரே மதிப்புடையவை அல்ல. எஃப் துளையின் ஓரத்தில் வரும் சிறு விரிசல் சரியாக ஒட்டப்பட்டிருந்தால் வாசிப்பைப் பாதிக்காது. மிக அஞ்சத்தக்கது சவுண்ட் போஸ்ட் இருக்கும் இடத்தில் வரும் விரிசல். சவுண்ட் போஸ்ட் என்பது மேல்பலகைக்கும் பின்பலகைக்கும் இடையே, குதிரையின் உச்சத் தந்திப் பக்கக் காலுக்குச் சற்றுப் பின்னால், பசையின்றி அழுத்தத்தால் மட்டுமே நிற்கும் சிறிய மரக்கம்பம். தந்திகளின் இறுக்கம் குதிரை வழியாக இறங்கி இந்த ஒரு புள்ளியில் குவிகிறது. கருவி கீழே விழும்போதோ, பொருந்தாத கம்பத்தை வலிந்து நுழைக்கும்போதோ அந்த இடத்தில் பலகை பிளக்கிறது. அதைச் சீர்செய்ய வயலினைத் திறந்து, பிளவை ஒட்டி, உட்புறத்தில் புதிய மரத்துண்டைப் பதித்துச் செதுக்க வேண்டும். திறமையானவரின் பல நாள் உழைப்பு அது. பின்பலகையில் வந்த இத்தகைய விரிசல், சிறந்த ஆசான்களின் வயலின்களிலேயே விலையைப் பாதியளவுக்கு இறக்கிவிடக்கூடியது. மாணவர் தரக் கருவியிலோ பழுதுச் செலவு கருவியின் விலையையே விஞ்சிவிடுகிறது. தந்திகள் கட்டியிருக்கும்போது, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விழச்செய்து, குதிரைக்கு அருகிலும் அதற்கு நேர் பின்புறத்திலும் மெருகில் மயிரிழைக் கோடு ஓடுகிறதா என்று கருவியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பது இதனால்தான் தவிர்க்கக்கூடாத சோதனையாகிறது.

மற்றொன்று கழுத்தின் சாய்வு. ஆண்டுக்கணக்கில் தந்திகள் இழுத்ததால் கழுத்து முன்னோக்கி வந்துவிட்ட வயலினில், விரல்பலகைக்கு மேலே தந்திகள் எழும்பி நின்று விரலை வருத்தும். சிலர் குதிரையை அறுத்துக் குட்டையாக்கி இதை மறைப்பதுண்டு. தந்தி தாழ்ந்துவிடும், ஆனால் நாதமும் மெலிந்துவிடும். நேரான அளவுகோலை விரல்பலகையின் நடுவில் படியவைத்துக் குதிரை வரை நீட்டினால், முழு அளவு வயலினில் அது குதிரையை மேல்பலகைக்கு ஏறத்தாழ 27 மில்லிமீட்டர் உயரத்தில் தொட வேண்டும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறைந்தால் பொறுக்கலாம். 23, 24 என்று இறங்கினால் கழுத்தைக் கழற்றி மீண்டும் பொருத்தும் பெரிய வேலை காத்திருக்கிறது.

ஒரு கணக்கு

இவற்றை ஒன்றுசேர்த்துப் பார்க்க ஒரு கற்பனை வயலினை எடுத்துக்கொள்ளலாம்; கீழ்வரும் தொகைகள் முறையைக் காட்டுவதற்காக வைத்துக்கொண்டவை, ஊருக்கும் பட்டறைக்கும் ஏற்ப அவை மாறும். சீட்டில் ஸ்திராதிவாரியின் பெயரும் கீழே ஜெர்மனியின் பெயரும் இருக்கின்றன. பெயரையும் வயதையும் காட்டி விற்பவர் 45,000 ரூபாய் கேட்கிறார். ஓரக்கோடு பதிக்கப்பட்டது, பேஸ் பார் தனியே ஒட்டப்பட்டது, மூலைக் கட்டைகள் இல்லை. அதாவது மலிவின் அடித்தட்டுக்கு ஒரு படி மேலான சாக்சனி வேலை. இதே தரத்தில் சீர்செய்து வில்லோடு விற்கப்படும் வயலின் 30,000 ரூபாய்க்குக் கிடைக்கும் என்று விசாரித்தறிந்ததாகக் கொண்டால், அதுவே தொடக்க எண். சீட்டுக்காக இதில் ஒரு ரூபாயும் சேர்வதில்லை.

சவுண்ட் போஸ்ட் பகுதியில் விரிசல் இல்லை. அளவுகோல் 26 மில்லிமீட்டர் காட்டுகிறது. எஃப் துளையருகே பழைய விரிசல் ஒன்று ஒழுங்காக ஒட்டப்பட்டிருக்கிறது. விரல்பலகை கருங்காலிதான், ஆனால் பள்ளம் விழுந்திருக்கிறது; அதை இழைக்க 2,500. கீழ்விளிம்பில் விட்டுப்போன ஒட்டுக்கு 1,000. வழுக்கும் பிருடைகளைத் துளைக்கேற்பச் சீவிப் பொருத்த 1,500. புதிய குதிரை செதுக்கிச் சவுண்ட் போஸ்டைச் சரிசெய்ய 2,500. தந்திகளுக்கு 1,500. உதிர்ந்துபோன வில்லுக்குப் புதிதாக முடி கட்ட 1,000. மொத்தம் 10,000, எஞ்சுவது 20,000. திறந்து பார்த்தால் மட்டுமே தெரியக்கூடிய குறைகளுக்காகவும், கடைக்காரர் தருவது போன்ற உத்தரவாதம் தனி விற்பனையில் இல்லை என்பதற்காகவும், தொடக்க எண்ணில் பத்தில் ஒரு பங்கான 3,000 ரூபாயைக் கழிப்பது நியாயம். ஆக 17,000 என்பது நடுப்புள்ளி. 15,000இல் கிடைத்தால் மகிழ்ச்சியோடு வாங்கலாம், 20,000ஐத் தாண்டினால் பழுதுபார்க்கும் அலைச்சலுக்கு எந்த ஈடும் இல்லாமல் போகிறது. கேட்கும் விலை 45,000 என்பது இந்தக் கணக்கின் எந்தப் படியிலும் இடம்பெறவில்லை. அதிலிருந்து பேரம் பேசத் தொடங்குபவர் 35,000க்கு இறக்கிவிட்டதை வெற்றியாகக் கருதி வீடு திரும்ப நேரும்.

விற்பவரும் ஏமாற்றுபவர் அல்லர் என்பதை நினைவில் கொள்வது நல்லது. தந்தையின் கருவியைப் பற்றித் தாம் கேட்டு வளர்ந்ததைத்தான் அவர் சொல்கிறார். சீட்டைப் பற்றி வாதிடுவதைவிட, பழுதுச் செலவுகளை ஒவ்வொன்றாகக் காட்டுவது அவரையும் புண்படுத்தாது, விலையையும் இறக்கும். வேலைக்கூலியை முன்னரே ஒரு பழுதுபார்ப்பவரிடம் எழுதி வாங்கிக்கொள்வதும், முடிந்தால் சிறு முன்பணம் கொடுத்துக் கருவியை அவரிடமே காட்டுவதும் இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

மேற்கண்ட வயலினின் பின்பலகையில் சவுண்ட் போஸ்ட் விரிசல் தென்பட்டிருந்தால், 17,000 என்பது எவ்வளவாகக் குறையும் என்று கணக்கிடத் தேவையே இல்லை; பயில்பவர் அதை வாங்கக்கூடாது. அதன் பெட்டிக்கும் பிருடைகளுக்கும் வில்லுக்கும் உள்ள சில ஆயிரங்களே அப்போது அதன் மதிப்பு. வில்லைப் பற்றி மட்டும் அந்நிலையிலும் ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும். மலிவான வயலினோடு ஒரே பெட்டியில் கிடக்கும் வில், யாரோ ஒரு நல்ல வித்வான் தனியே தேடி வாங்கியதாக இருக்கக்கூடும். சிறந்த விற்களுக்குரிய பெர்னாம்புகோ மரம் பிரேசிலில் மட்டுமே இயற்கையாக வளர்வது. 2007 முதல் அதன் பன்னாட்டு வணிகம் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருப்பதால் பழைய விற்களின் மதிப்பு குறைய இடமில்லை. முடியைத் தளர்த்திய நிலையில் கோல் நடுவில் முடியை நோக்கி நன்கு வளைந்திருக்கிறதா, நுனியிலிருந்து பார்க்கும்போது பக்கவாட்டில் கோணாமல் இருக்கிறதா, நுனிக்கட்டையில் விரிசல் இல்லையா, பிடிக்கு அருகே கோலில் ஏதேனும் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, ஐயம் எழுந்தால் வயலினையும் வில்லையும் தனித்தனியே விலை பேசுவதே முறை.